பகுதி நேரம் என்கிறார்கள், பகுதியைக் காணோம்

தோழர்களே, ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கிலிருந்து தொடங்குவோம். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பகுதி இல்லாமல் பின்னம் கிடையாது. நாலு மணி நேர வேலை என்றால் அது எத்தனை மணி நேரத்தில் நாலு என்று கேட்க வேண்டும். எட்டில் நாலு என்றால் அரை. அரை வேலைக்கு அரைச் சம்பளம். இதைப் புரிந்துகொள்ள ஐ.ஏ.எஸ். படிக்கத் தேவையில்லை.

என் பெரியம்மா ஒரு அரசுப் பள்ளியில் இருபது வருடமாகப் பெருக்குகிறார், கழிப்பறை கழுவுகிறார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். ‘பகுதி நேரத் துப்புரவுப் பணியாளர்’ என்று பெயர். மாதம் 3,000 ரூபாய். போன வருடம் சம்பளம் கூட்டிக் கேட்டபோது தலைமையாசிரியர் சொன்னது: “பகுதி நேரம்தானேம்மா, அதுக்கு இவ்வளவுதான் வரும்.” பெரியம்மா “சரிங்க சார்” என்று வந்துவிட்டார். அந்த ‘இவ்வளவு’ எந்தக் கணக்கில் வந்தது என்று அவருக்கும் தெரியாது, தலைமையாசிரியருக்கும் தெரியாது. நாமாவது போட்டுப் பார்க்கலாம்.

இதே வேலையை முழு நேரமாகச் செய்கிற நிரந்தரப் பணியாளர் தமிழ்நாடு அரசில் உண்டு. ஊதியக் குழு அட்டவணையின் முதல் நிலை, தொடக்க ஊதியம் 15,700. 2024 ஜனவரியிலிருந்து அகவிலைப்படி 50 சதவீதமாக இருந்தது. கணக்கு எளிதாக இருக்கும் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். பிறகு அது ஏறித்தான் இருக்கிறது. 15,700-உடன் 7,850 சேர்த்தால் 23,550. வீட்டு வாடகைப் படி, மருத்துவப் படி, ஆண்டுக்கு ஆண்டு ஏறும் ஊதிய உயர்வு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இன்றைக்குச் சேர்கிற புது ஆளின் சம்பளம் மட்டும். பெரியம்மாவின் இருபது வருட அனுபவத்துக்குப் பூச்சியம் போட்டிருக்கிறேன்.

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்தில் நாலு மணி நேரம். பாதி. 23,550-இல் பாதி 11,775. வாங்குவது 3,000.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 3,000 என்பது 23,550-இல் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. எட்டு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்கு என்றால் ஒரு மணி நேரம். நாலு மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குக் கூலி கொடுக்கிறார்கள். மீதி மூன்று மணி நேரத்துக்கு என்ன பெயர்? ஊரில் நம் தாத்தாக்கள் செய்த வேலைக்கு வெட்டி என்று பெயர் இருந்தது. இப்போது அதற்குத் தொகுப்பூதியம் என்று பெயர்.

தொகுப்பூதியம் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். எல்லாவற்றையும் தொகுத்துக் கொடுக்கிறோம் என்று பொருள்படும்படி வைத்திருக்கிறார்கள். உள்ளே அடிப்படை ஊதியம் எவ்வளவு, அகவிலைப்படி எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு என்று எதுவும் இருக்காது. மொத்தமாக ஒரு எண். அகவிலைப்படி ஏறும்போது நிரந்தரப் பணியாளருக்கு ஏறும், இந்த எண் அப்படியே நிற்கும். அரிசி விலை பகுதி நேரக்காரருக்கு மட்டும் ஏறாமல் நிற்குமா? ஒருவருடைய சம்பளம் விகிதத்தில் கணக்கிடப்பட்டதா, வாய்க்கு வந்த எண்ணா என்று கண்டுபிடிக்க இது ஒன்றே போதும். அகவிலைப்படி உயர்ந்த மாதத்தில் அவர் சம்பளமும் அதே விகிதத்தில் உயர்ந்ததா என்று பாருங்கள். உயரவில்லை என்றால் அங்கே விகிதமே இல்லை.

பகுதியை மறைப்பது ஒரு வித்தை. பகுதியைப் பெருக்கி வைப்பது இன்னொரு வித்தை. கேள்வி கேட்டால், “முழு நேரம் என்றால் வாரத்துக்கு 48 மணி நேரம், நீங்கள் செய்வது 20” என்பார்கள். 48-இல் 20 என்று போட்டால் 11,775 என்பது 9,812 ஆகிவிடும். மாதம் ஏறத்தாழ 2,000 ரூபாய் அந்த ஒரு எண்ணில் போய்விடுகிறது. 48 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1946-இல் வைஸ்ராய் அவையில் தொழிலாளர் பொறுப்பில் இருந்த அண்ணல் அம்பேத்கர் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்ததை 48 ஆகக் குறைத்த திருத்தம் அது. அது உச்சவரம்பு. அதற்கு மேல் வேலை வாங்காதே என்பதற்காக வைத்த எல்லையை, கூலியைக் குறைக்கும் அளவுகோலாகப் பிடிக்கிறார்கள். பகுதியில் போட வேண்டியது சட்டத்தின் உச்சவரம்பு அல்ல. அதே இடத்தில், அதே வேலையை, முழு நேரமாகச் செய்கிறவர் உண்மையில் எத்தனை மணி நேரம் செய்கிறாரோ அந்த எண். அவர் வாரத்தில் ஐந்து நாள், எட்டு மணி நேரம் என்றால் 40. முடிந்தது.

இனி தொகுதிக்கு வருவோம். அதாவது மேலே போடுகிற மணி நேரம். அதிலும் பொய்தான். பெரியம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, பள்ளிக் கதவின் சாவியைத் திறக்கிற நேரம், பூட்டுகிற நேரம், நடுவில் கூப்பிட்டு அனுப்பிய நேரம் மூன்றையும் எழுதச் சொன்னோம். எழுதியது அவர் பேத்தி. ஒரு மாதத்தில் பள்ளி நடந்தது 22 நாள். வகுப்பில் குழந்தை வாந்தி எடுத்தது, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது, அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று மத்தியானம் மறுபடி கழுவச் சொன்னது எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்குச் சராசரி ஐந்து மணி பத்து நிமிடம். தாளில் நாலு. இந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எட்டில் அரையைத் தாண்டி 64 சதவீதத்துக்கு மேல் வருகிறது. ரூபாயில் 15,200-க்குச் சற்றுக் கூட.

நேரத்தை இரண்டாகப் பிளந்து வைத்திருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு விடுகிறார்கள், நாலு மணிக்கு மறுபடி வரச் சொல்கிறார்கள். நடுவில் ஏழு மணி நேரம் சும்மாதானே, வேறு வேலைக்குப் போகலாமே என்று படித்தவர்களே கேட்கிறார்கள். எந்த வேலைக்கு? களை எடுக்கப் போகிறவர்கள் எட்டு மணிக்கே வயலில் இறங்கிவிடுவார்கள். நூறு நாள் வேலையில் 2024-இல் நாள் கூலி 319 ரூபாய். அதில் காலையிலும் பிற்பகலிலும் செல்போன் செயலியில் படம் எடுத்துத்தான் வருகை போட்டார்கள். இரண்டு படத்திலும் இருக்க வேண்டும். பள்ளிக்குப் போகிறவர் எப்படி இருப்பார்? பெரியம்மா விற்பது நாலு மணி நேரத்தை. போவது ஒரு முழு நாள். அந்த முழு நாளைக்கு அவருக்குக் கிடைப்பது, மாதத்தில் 22 நாள் என்றால், 136 ரூபாய் சொச்சம்.

சம்பளம் போகட்டும், சலுகைகளுக்கு வருகிறேன். இங்கேதான் நம் தோழர்களே பலர் தடுமாறுகிறார்கள். “பாதி வேலை என்றால் விடுப்பும் மருத்துவமும் பாதிதானே” என்று நியாயம்போலத் தோன்றும். அப்படிப் பொத்தாம்பொதுவாகப் பாதி போட முடியாது. பணமாக வருவதை விகிதத்தில் பிரிக்கலாம். அகவிலைப்படி, பொங்கல் போனஸ், விடுப்புக்கான சம்பளம் எல்லாம் பிரியும். நாள் ஒன்றுக்கு நாலு மணி நேரக்காரருக்கும் ஆண்டுக்கு இத்தனை நாள் விடுப்பு என்றால் அத்தனை நாளும் கிடைக்க வேண்டும். அந்த நாளின் சம்பளம் மட்டும் அரை நாள் சம்பளமாக இருக்கும். ஆனால் பிரசவத்தைப் பாதியாகப் பிரிக்க முடியுமா? கழிவுநீர்க் குழியில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தால் பாதி எலும்புக்கு மட்டும் வைத்தியமா?

இது என் கற்பனை வாதம் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. இ.எஸ்.ஐ. பொருந்துகிற நிறுவனங்களில் பிடித்தம் சம்பளத்தின் சதவீதம். தொழிலாளி 0.75, முதலாளி 3.25. நாள் சராசரி 176 ரூபாய்க்கு மேல் வாங்காதவரிடம் தொழிலாளி பங்கைப் பிடிக்கவே கூடாது, முதலாளி பங்கு மட்டும் கட்டியாக வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கை எல்லோருக்கும் ஒரே படுக்கைதான். கட்டுவது விகிதத்தில், வைத்தியம் முழுதாக. மகப்பேற்றுச் சலுகைக்கும் சட்டம் கேட்பது முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை. நாளைத்தான் எண்ணுகிறது, மணி நேரத்தை எண்ணவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1994-இல் பகுதி நேர வேலைக்கென்றே 175-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதன் சாரமும் இதுதான்: மணிக்கணக்கு ஊதியம் முழு நேரக்காரருக்குக் குறையக் கூடாது, மகப்பேறு, விடுப்பு, நோய்க்காலம், வேலைநீக்கப் பாதுகாப்பு ஆகியவற்றில் சமமான நிலை வேண்டும், அதில் பணமாக வருவது மட்டும் விகிதத்தில் இருக்கலாம். இந்தியா அதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதற்கு நம் தெருப் பெண்கள் காலை ஆறரைக்கு விளக்குமாற்றோடு எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

பணிக்கொடையில் இன்னும் மோசமான தந்திரம் ஒன்று இருக்கிறது. இரண்டு முறை வெட்டுவது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்கிற தனியார் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சட்டப்படி பணிக்கொடை உண்டு. கணக்கு என்ன? கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 11,775 ரூபாயில் இருபது ஆண்டு என்றால் ஏறத்தாழ 1,35,900. கடைசிச் சம்பளமே விகிதத்தில் பாதியாக இருக்கிறது, எனவே விகிதம் அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் நிர்வாகம், “பாதி நாள்தானே, இருபது ஆண்டை பத்து ஆண்டாக எடுத்துக்கொள்கிறோம்” என்று தாராளமாகப் பேசும். சரி என்று தலையாட்டினால் 67,900. பாதியில் பாதி, அதாவது கால். அரை நேர வேலைக்குக் கால் பங்கு கொடுக்கிற பழக்கம் இப்படித்தான் நுழைகிறது. சம்பளத்தில் ஒரு முறை வெட்டினால் ஆண்டில் கை வைக்கக் கூடாது. ஒரு ஆண்டு என்பதற்குச் சட்டம் பார்ப்பது எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்பதை.

அரசு வேலையில் இதைவிடக் கொடுமை. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் 11-ஆம் விதி, சில்லறைச் செலவினத்திலிருந்து சம்பளம் வாங்கியவரின் பணிக்காலத்தில் பாதியை ஓய்வூதியத்துக்குச் சேர்க்கலாம் என்கிறது. உடனே ஒரு நிபந்தனை: அது முழு நேர வேலையாக இருந்திருக்க வேண்டும், நாளின் ஒரு பகுதியில் செய்தது சேராது. அதாவது, முழு நேரக்காரரின் ஆண்டைப் பாதியாக்கினார்கள், பகுதி நேரக்காரரின் ஆண்டைப் பூச்சியமாக்கினார்கள். கால் பங்கு என்றாவது எழுதியிருக்கலாம். அந்த அளவுக்குக்கூடப் பின்னம் போட மனம் வரவில்லை. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தப் பழைய ஓய்வூதியமே கிடையாது என்பது தனிக் கதை.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பீர்கள். போயிருக்கிறார்கள். யார் போனார்கள் என்று பாருங்கள். 2011-இல் ராஜஸ்தான் அரசு எதிர் தயா லால் வழக்கு: அரசு விடுதிகளில் பகுதி நேரச் சமையல்காரர்களும் காவலாளிகளும். 2014-இல் கோவிந்தசாமி வழக்கு: நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பகுதி நேரத் துப்புரவுப் பணியாளர்கள். 2021-இல் இல்மோ தேவி வழக்கு: சண்டிகரில் ஒரு தபால் நிலையத்தைப் பெருக்கியவர்கள். மூன்றிலும் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சுருக்கம், பகுதி நேரக்காரர் நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்பது. தயா லாலிலும் இல்மோ தேவியிலும் நிரந்தரப் பணியாளருக்குச் சமமான சம்பளமும் கேட்க முடியாது என்றது. வழக்கெல்லாம் விளக்குமாறும் அடுப்புமாக இருப்பது தற்செயலா? அரசு எந்த வேலைகளைப் ‘பகுதி நேரம்’ ஆக்குகிறது, அந்த வேலைகளுக்கு எந்தச் சாதியிலிருந்து ஆள் வருகிறது என்று கேட்டால் விடை அதிலேயே இருக்கிறது.

2024 டிசம்பரில் கொஞ்சம் கதவு திறந்தது. ஜக்கோ எதிர் இந்திய ஒன்றியம். மத்திய நீர் ஆணையத்தில் பல வருடம் துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் செய்தவர்களை 2018-இல் ஒரே நாளில் நிறுத்தினார்கள். பகுதி நேரம், தற்காலிகம் என்று ஒட்டிய பெயரைப் பார்க்காமல், வேலை நிரந்தரத் தேவையா என்று பார்த்து, அவர்களை நிரந்தரமாக்கச் சொன்னது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. ஆனால் அதை மட்டும் நம்பி எல்லா மனுவிலும் ‘நிரந்தரம் செய்’ என்ற ஒற்றை வரியோடு நிற்பது தவறு என்பது என் கருத்து. முழுச் சம்பளத்துக்குச் சமம் கேட்பது ஒன்று, மணிக்கு மணி அதே விகிதம் கேட்பது வேறொன்று. முதலாவதைக் கேட்டால் “இவர் பாதி நேரம்தானே” என்று எதிர்த் தரப்பு வாதாடும். இரண்டாவதைக் கேட்டால் அதே வாதம் நமக்குச் சாதகமாகிவிடும். ஆமாம், பாதி நேரம், ஆகவே பாதியைக் கொடு. மத்திய அரசின் பணியாளர் துறை 1988 ஜூன் 7 அன்று போட்ட குறிப்பாணையிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது: அன்றாடக் கூலியாள் நிரந்தரப் பணியாளர் செய்கிற அதே வேலையைச் செய்தால், தொடக்க ஊதியமும் அகவிலைப்படியும் சேர்த்து அதில் முப்பதில் ஒரு பங்கு, எட்டு மணி நேர நாளுக்கு. பகுதியும் தொகுதியும் தெளிவாக எழுதப்பட்ட ஆணை. மனமிருந்தால் எழுதத் தெரியும் என்பதற்குச் சாட்சி.

நிரந்தரக் கோரிக்கையை விடச் சொல்லவில்லை. அதற்குக் கீழே, மாற்றுக் கோரிக்கையாக, இந்தப் பின்னத்தை எண்ணோடு எழுதுங்கள் என்கிறேன். ‘நியாயமான ஊதியம்’ என்று எழுதினால் அதிகாரிக்கு அது காதில் விழாது. ‘23,550 × 20 ÷ 40 = 11,775; கொடுப்பது 3,000; மாதம் 8,775 பாக்கி’ என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் நாலு கேள்வி கேட்டோம். நியமன ஆணையில் குறிப்பிட்ட வேலை நேரம் எவ்வளவு? இதே பணிக்கு முழு நேரப் பணியிடத்தின் ஊதிய நிலை எது? 3,000 ரூபாய் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வருகிறது? அந்தத் தொகை எந்த அடிப்படையில் கணக்கிடப்பட்டது? முப்பது நாள் முடிகிற அன்று பதில் வந்தது. வேலை நேரத்துக்கு, ‘பணியின் தேவைக்கேற்ப’. கணக்கிட்ட அடிப்படைக்கு, ‘இவ்வலுவலகத்தில் தகவல் ஏதுமில்லை’.

பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். “தேவைக்கேற்பன்னா, அப்ப நாலு மணி நேரம்னு எவன் சொன்னான்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே முதல் மேல்முறையீட்டில் எழுதி, நோட்டின் 22 நாள் பக்கங்களையும் நகலெடுத்துச் சேர்த்து, திங்கட்கிழமை தபாலில் அனுப்பியிருக்கிறோம்.